சாப்பாடு இனி 90 ரூபாய்

அம்பத்தூர் தொழிற்பேட்டைக்குப் பின்பக்கத் தெருவில் நான் மதியம் சாப்பிடும் மெஸ்ஸில் ஒரு கரும்பலகை உண்டு. அன்றைய குழம்பு, அன்றைய பொரியல், கீழே விலை. குழம்பும் பொரியலும் தினம் அழித்து எழுதப்படும். விலை மட்டும் இரண்டு வருஷமாக அழிக்கப்படாமல், சாக்பீஸ் பொடி ஏறிக் கல்வெட்டு மாதிரி ஆகிவிட்டது: சாப்பாடு ரூ.80.

போன ஜூன் மாதக் கடைசியில், கூட்டம் கலைந்த பிறகு, மெஸ் நடத்தும் அக்கா என்னை உட்காரச் சொன்னார். நான் சில கடைகளுக்குக் கணக்கு எழுதுகிறவன். அது அவருக்குத் தெரியும். ஒரு நோட்டுத் தாளை நீட்டினார். “தவிர்க்க முடியாத காரணங்களாலும் விலைவாசி உயர்வாலும் நாளை முதல் சாப்பாடு விலை 85 ரூபாய். வாடிக்கையாளர்கள் ஒத்துழைப்பு தரும்படி கேட்டுக்கொள்கிறோம். – நிர்வாகம்.”

“யாருக்கா நிர்வாகம்?” என்றேன்.

“நான்தான் தம்பி. எல்லாக் கடையிலயும் அப்படித்தானே எழுதியிருக்காங்க.”

எல்லாக் கடையிலும் அப்படித்தான் எழுதியிருக்கிறார்கள். இனிப்புக் கடை, முடிதிருத்தும் நிலையம், ஜெராக்ஸ் கடை, எங்கே பார்த்தாலும் இதே வாக்கியம்தான். வழியில் போகிறவர் ஒரு முறை வந்து போகும் கடையென்றால் அதனால் பெரிய நஷ்டம் இல்லை. ஆனால் இந்த மெஸ்ஸில் தினம் சாப்பிடும் அறுபது பேரில் முப்பத்தைந்து பேர் டோக்கன் புத்தகம் வாங்கியவர்கள். 25 டோக்கன், 2,000 ரூபாய், முன்பணம். இன்னும் பன்னிரண்டு சாப்பாடு பக்கத்து லேத் பட்டறைக்குக் கேரியரில் போகிறது, மாதக் கடைசியில் பில். அன்றன்று காசு கொடுத்துச் சாப்பிடுகிறவர்கள் பதின்மூன்று பேர்தான். “நாளை முதல்” என்று எழுதினால், ஏற்கெனவே பணம் கட்டிய முப்பத்தைந்து பேருக்கு அது என்ன அர்த்தம்? கையில் இருக்கும் டோக்கன் செல்லுமா, மேலே ஐந்து ரூபாய் வைக்க வேண்டுமா? தாளில் அதற்குப் பதில் இல்லை.

எழுதுவதற்கு முன் எவ்வளவு ஏற்ற வேண்டும் என்று பார்த்தோம். 85 என்பது எங்கிருந்து வந்தது என்று கேட்டால், “பத்து ஏத்தினா கத்துவாங்க” என்பதுதான் அவர் கணக்கு. நோட்டைப் புரட்டினோம். ஒரு சாப்பாட்டுக்கு அரிசி, பருப்பு, காய், எண்ணெய், மோர், இலை, கேஸ் எல்லாம் சேர்ந்து இப்போது 48 ரூபாய் ஆகிறது. 80 ரூபாய் விலை வைத்த காலத்தில் 44 ரூபாய் ஆனது. உதவிக்கு இருக்கும் இரண்டு பெண்களுக்குக் கூலி ஆளுக்கு 500 ரூபாயிலிருந்து 600 ஆகிவிட்டது. கடை வாடகை மாதம் 1,500 ரூபாய் கூடியிருக்கிறது, 26 வேலை நாளுக்குப் பிரித்தால் நாளைக்கு ஏறத்தாழ 60 ரூபாய். ஆக, சரக்கில் நாளொன்றுக்கு 240, கூலியில் 200, வாடகையில் 60, மொத்தம் 500 ரூபாய்.

இரண்டு வருஷத்துக்கு முன் எல்லாச் செலவும் போக அவர் கையில் நாளுக்கு 660 ரூபாய் நின்றது. இப்போது நிற்பது 160. விடியற்காலை நான்கு மணிக்கு அடுப்புப் பற்றவைக்கிற முதலாளிக்கு, எட்டு மணிக்கு வருகிற உதவியாளின் கூலியில் கால்வாசியை விடச் சற்றே கூடுதல். அக்கா அந்த எண்ணை ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். கூலியும் வாடகையும் வெவ்வேறு பக்கங்களில் இருந்ததால் அதுவரை அது ஒரே எண்ணாக அவர் கண்ணில் பட்டதில்லை.

500 ரூபாயை அறுபது சாப்பாட்டில் பிரித்தால் ஒன்றுக்கு எட்டே கால் ரூபாய்க்குச் சற்று மேல். ஐந்து ஏற்றினால் பள்ளம் தூராது, ஆறு மாதத்தில் மறுபடி பலகையைத் தொட வேண்டியிருக்கும். வாடிக்கைக்காரர் மனதில் பதிவது எத்தனை ரூபாய் ஏறியது என்பதை விட எத்தனை தடவை ஏறியது என்பதுதான். வருஷத்தில் இரண்டு முறை ஐந்து ஐந்தாக ஏற்றிய கடைக்கு “அங்க எப்பவும் ஏத்திக்கிட்டே இருப்பாங்க” என்ற பெயர் நிலைத்துவிடும். அதனால் ஒரேயடியாகப் பத்து ஏற்றிவிட்டு, ஒரு வருஷம் தொடுவதில்லை என்று முடிவானது.

“பாதிப் பேரு ஓடிட்டா?” என்றார். அதற்கும் கணக்கு இருக்கிறது. 80 ரூபாயில் சரக்கு 48 போக ஒரு சாப்பாட்டில் நிற்பது 32. அறுபது பேருக்கு 1,920. விலை 90 ஆனால் நிற்பது 42. 46 பேர் சாப்பிட்டாலே 1,932 வந்துவிடும். அதாவது பதினான்கு பேர் வராமல் போனாலும் இன்றைய நிலையை விடக் கீழே போகாது, சமையலும் அந்த அளவுக்குக் குறையும். விலை ஏற்றுகிற எந்தக் கடைக்காரரும் அறிவிப்பை எழுதும் முன் போட்டுப் பார்க்க வேண்டிய கணக்கு இது. இதைத் தெரிந்துகொண்டு எழுதுகிறவர் கெஞ்ச மாட்டார். தெரியாதவர்தான் “ஒத்துழைப்பு தரும்படி” என்று எழுதுவார்.

காரணத்தைச் சொல்லத்தான் வேண்டுமா என்ற கேள்வி அடுத்து வந்தது. 1986இல் டேனியல் கானமன், ஜாக் நெட்ச், ரிச்சர்ட் தேலர் ஆகிய மூவர் ஓர் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார்கள். கனடாவில் தொலைபேசி மூலம் பொதுமக்களிடம் கேட்ட கேள்விகள் அதில் இருக்கின்றன. ஒரு கடைக்காரர் பனி அள்ளும் மண்வாரியை 15 டாலருக்கு விற்றுவந்தார், பெரும் பனிப்புயல் அடித்த மறுநாள் காலை 20 டாலர் ஆக்கினார், இது நியாயமா? நூற்றுக்கு 82 பேர் அநியாயம் என்றார்கள். அதே கட்டுரையில், மொத்தக் கொள்முதல் விலை ஏறியதால் கடைக்காரர் கீரையின் விலையை அந்த அளவுக்கு ஏற்றினார் என்ற கேள்விக்குப் பெரும்பாலோர் நியாயம்தான் என்றார்கள். என் அவசரத்தைப் பார்த்து ஏற்றினாயா, உன் செலவு கூடியதால் ஏற்றினாயா என்பதுதான் மக்கள் பார்க்கிற வித்தியாசம். காரணம் எழுதாத பலகையைப் படிக்கிறவர் தானாக ஒரு காரணத்தை நிரப்பிக்கொள்வார். அது பெரும்பாலும் முதல் வகையாகத்தான் இருக்கும்.

ஆனால் எந்தக் காரணத்தைச் சொல்வது என்பதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. அக்கா முதலில் கேஸைத்தான் சொன்னார். எல்லோருக்கும் புரியும், யாரும் மறுக்க மாட்டார்கள். நான் வேண்டாம் என்றேன். 19 கிலோ வணிக சிலிண்டரின் விலை வழக்கமாக மாதத்தின் முதல் தேதியில் மாறும். ஏறும், சில மாதம் இறங்கவும் செய்யும். பலகையில் கேஸ் என்று எழுதினால், இறங்குகிற மாதம் செய்தித்தாளோடு ஒருவர் வந்து நிற்பார். தக்காளி, வெங்காயமும் அப்படியே. கிலோ நூறைத் தொட்ட தக்காளியைக் காட்டி விலை ஏற்றியவரிடம், தக்காளி இருபதுக்கு வந்ததும் ஏன் இறக்கவில்லை என்று கேட்டால் அது நியாயமான கேள்வி. கூலியும் வாடகையும் ஏறினால் இறங்குவதில்லை. அதிலும், பரிமாறுகிற அந்த இரண்டு பெண்களை எல்லோருக்கும் பேர் சொல்லித் தெரியும். அவர்களுக்குக் கூலி கூட்டியிருக்கிறது என்பதைச் சாப்பிடுகிறவர் நேரில் பார்த்தே தெரிந்துகொள்ளலாம். இரண்டு உண்மையான காரணம் போதும். ஏழு காரணம் எழுதினால் ஏழும் சந்தேகத்துக்கு ஆளாகும்.

சொன்ன காரணத்தின் அளவும் ஏற்றிய அளவும் ஒட்டிப்போக வேண்டும் என்பதற்கு ஊரறிந்த உதாரணம் ஒன்று உண்டு. 2022 நவம்பரில் ஆவின் ஆரஞ்சு நிற பாக்கெட் பாலின் சில்லறை விலையை லிட்டருக்கு 48 ரூபாயிலிருந்து 60 ஆக்கியது. உற்பத்தியாளர்களுக்குக் கொடுக்கும் கொள்முதல் விலையை மூன்று ரூபாய் கூட்டியதும் அப்போதுதான், பசும்பாலுக்கு 32இலிருந்து 35. அந்த அறிவிப்பில் ஒரு நல்ல அம்சம் இருந்தது: எது மாறாது என்பதைத் துல்லியமாகச் சொன்னார்கள். மாதாந்திர அட்டைதாரர்களுக்கு அதே ஆரஞ்சுப் பால் பழைய 46 ரூபாய்தான், நீலமும் பச்சையும் பழைய விலைதான். வாடிக்கைக்காரரைத் தனியாகப் பிரித்துக் காப்பாற்றிய அறிவிப்பு அது. ஆனால் கடையில் வாங்குகிறவருக்கு, கொள்முதலில் மூன்று ஏறியதற்குப் பாக்கெட்டில் பன்னிரண்டா என்ற கேள்வி எழுந்தது. அறிவித்த மறுநாளே விலை அமலுக்கு வந்தும்விட்டது. அடுத்த வருஷம், 4.5 சதவீதக் கொழுப்புள்ள பச்சைப் பாக்கெட்டுக்குப் பதிலாக 3.5 சதவீதக் கொழுப்புள்ள ஊதா நிறப் பாக்கெட்டை அதே விலையில் கொண்டுவரப் போனபோது எதிர்ப்பு கிளம்பியது. அப்போது விலை ஒரு பைசா ஏறவில்லை. டீ திக்காக வரவில்லை என்பது போதுமானதாக இருந்தது.

இந்த இடத்தில் அக்கா சற்று மௌனமானார். காரணம் இருந்தது. ஆறு மாதமாக அப்பளம் நின்றுபோயிருந்தது. மோர் நீர்த்திருந்தது. பொரியல் கரண்டி மாறியிருந்தது, பழையதை விட ஒரு சுற்றுச் சின்னது. விலையை ஏற்றாமல் சமாளிக்க அவர் செய்த சிக்கனம். ஒரு வார்த்தை யாரிடமும் சொல்லவில்லை. யாரும் கேட்கவும் இல்லை. ஆனால் கரண்டி மாறிய மூன்றாம் நாளே எங்கள் மேஜையில் அதைப் பற்றிப் பேசிக்கொண்டோம். “மற்றதெல்லாம் பழையபடிதான்” என்று இந்த நிலையில் பலகையில் எழுதினால், எந்தப் பழையபடி? ஏற்கெனவே குறைத்ததைக் குறைத்த அளவிலேயே வைத்துக்கொண்டு விலையையும் ஏற்றுவது வாடிக்கைக்காரர் பார்வையில் இரண்டாவது ஏற்றம். எனவே முதல் வேலையாக, அறிவிப்புக்கு ஒரு வாரம் முன்பே, அப்பளமும் பழைய கரண்டியும் திரும்பி வந்தன. மேலே சொன்ன 48 ரூபாய் அவற்றையும் சேர்த்த கணக்குதான்.

மாறாதவற்றின் பட்டியலை எழுதும்போது அவர் “தரம், சுவை, சேவை” என்று ஆரம்பித்தார். இந்த மூன்றும் யாராலும் சரிபார்க்க முடியாதவை, ஆகவே யாரும் படிக்க மாட்டார்கள். சாப்பிடுகிறவர் நிஜத்தில் எதற்குப் பயப்படுவார் என்று என்னையே கேட்டார். நான் யோசித்துச் சொன்னது: இரண்டாம் முறை சோறு கேட்டால் முகம் மாறுமா, புதன்கிழமை வத்தக்குழம்பு நிற்குமா, அப்புறம் எல்லாவற்றையும் விட முக்கியமாக, ஷிப்ட் முடிந்து மூன்று மணிக்கு வருகிற டோக்கன்காரருக்குச் சோறு எடுத்து வைக்கிற பழக்கம் தொடருமா. டோக்கனுக்குத் தள்ளுபடி எதுவும் கிடையாது. இந்த ஒன்றுக்காகத்தான் பாதிப் பேர் புத்தகமே வாங்குகிறார்கள்.

தேதிதான் எங்களை அதிக நேரம் இழுத்தது. ஆகஸ்ட் 1 முதல் புது விலை, ஜூலை 8 அன்று பலகை என்று வைத்தோம். மூன்று வாரத்துக்கு மேல் அவகாசம் இருக்கிறது. அதற்குள் பழைய விலையில் இன்னொரு புத்தகம் வாங்கிக்கொள்ளலாம் என்று எழுதினால் தாராளமாகத்தான் தோன்றும். ஆனால் இந்தப் பகுதியில் சம்பளம் ஒன்றாம் தேதியிலிருந்து ஏழாம் தேதிக்குள் வருகிறது. ஜூலை 8க்கும் 31க்கும் நடுவில் சேர்ந்தாற்போல் 2,000 ரூபாய் எடுத்து வைக்கக்கூடியவர் எத்தனை பேர்? கையில் காசு இல்லாத நாட்களில் மட்டும் சலுகை கொடுப்பது, கொடுக்காமலே இருப்பதை விட எரிச்சலூட்டும். அதனால் டோக்கன்காரர்களுக்கு மட்டும் பழைய விலைப் புத்தகம் ஆகஸ்ட் 7 வரை, ஆளுக்கு ஒன்று என்று ஆக்கினோம். ஒன்று என்ற வரம்பு அவசியம். இல்லையென்றால் இரண்டு மூன்று புத்தகம் வாங்கி, தீபாவளி வரை பழைய விலையில் சாப்பிடுகிறவர்கள் இருப்பார்கள், அதில் தப்பும் இல்லை. புதுப் புத்தகத்துக்கு நிறம் மாற்றினோம், பழையது மஞ்சள், புதியது இளஞ்சிவப்பு. மஞ்சள் டோக்கன் செப்டம்பர் 30 வரை அப்படியே செல்லும். அதற்குப் பிறகும் செல்லாமல் போகாது, பத்து ரூபாய் வித்தியாசம் கொடுத்தால் போதும். முன்பணம் வாங்கிய ஒன்றை “செல்லாது” என்று சொல்கிற உரிமை கடைக்காரருக்கு இல்லை என்பது என் கட்சி.

பட்டறைக்குப் பலகை போதாது. கேரியரை எடுத்துப்போகிற பையன் பலகையைப் படிப்பான், அலுவலகத்தில் சொல்ல மாட்டான். மாதக் கடைசியில் 12 சாப்பாட்டுக்கு 90 வீதம் பில் போனால், கணக்குப் பார்க்கிறவர் பழைய விலையில் செக் எழுதி அனுப்புவார். மீதிக்கு அலைய வேண்டும். எனவே பில் பாஸ் செய்கிறவரின் பெயருக்கு ஒரு கடிதம், நேரில் கொடுத்து நகலில் கையெழுத்து. அவர் செப்டம்பர் 1 முதல் வைத்துக்கொள்ளலாமே என்று கேட்டார். ஒரு மாதத்துக்கு 3,120 ரூபாய் விட்டுக்கொடுத்தார் அக்கா. வருஷம் முழுக்க நிற்கிற பன்னிரண்டு சாப்பாடு என்பதால் நானும் தடுக்கவில்லை.

கடைசியில் பலகையில் ஏறியது இது:

“ஆகஸ்ட் 1 முதல் சாப்பாடு 90 ரூபாய் (இப்போது 80). இரண்டு வருஷத்தில் நம் கடையில் வேலை செய்பவர்களின் கூலியும் கடை வாடகையும் கூடியிருக்கின்றன. அடுத்த ஆகஸ்ட் வரை மறுபடி ஏற்ற மாட்டோம். சோறு, குழம்பு, ரசம், மோர் முன்போல அளவில்லை. இரண்டு பொரியல், அப்பளம் உண்டு. புதன் வத்தக்குழம்பு உண்டு. டோக்கன் உள்ளவர்களுக்கு மூன்று மணி வரை சாப்பாடு எடுத்து வைப்போம். கையில் உள்ள மஞ்சள் டோக்கன் செப்டம்பர் 30 வரை அப்படியே செல்லும், அதற்கு மேல் 10 ரூபாய் சேர்த்துக் கொடுத்தால் போதும். டோக்கன் வாங்குபவர்கள் ஆகஸ்ட் 7க்குள் பழைய விலையில் இன்னும் ஒரு புத்தகம் வாங்கிக்கொள்ளலாம். கேட்க வேண்டியது இருந்தால் என்னிடம் நேரில் கேளுங்கள்.” கீழே நிர்வாகம் இல்லை, அக்காவின் பெயர்.

பலகையில் எழுதும் முன், ஜூலை 6, 7 இரண்டு நாளும் டோக்கன்காரர்களிடம் அவரே இலை பக்கத்தில் நின்று சொன்னார். அதை நான் வற்புறுத்தினேன். பத்து வருஷமாக வருகிறவர், அன்றுதான் முதல் தடவை வந்தவரோடு சேர்ந்து அண்ணாந்து பலகையைப் படித்துத் தெரிந்துகொள்ளக் கூடாது. கேட்டவர்களில் பலர் “சரி” என்றார்கள். ஒருவர் “இப்பவாவது ஏத்தினியே” என்றார். இன்னொருவர் ஒன்றும் பேசாமல் எழுந்து போனார், ஆகஸ்ட்டில் வரவில்லை.

இருபத்தெட்டுப் பேர் பழைய விலையில் புத்தகம் வாங்கினார்கள். முதல் வாரத்திலேயே மேஜை டிராயரில் 56,000 ரூபாய். அக்கா முகத்தில் அத்தனை வெளிச்சத்தை நான் பார்த்ததில்லை, அதனால்தான் சொல்ல வேண்டியிருந்தது: இது வருமானம் இல்லை, 700 சாப்பாட்டுக் கடன். இதில் வாடகை பாக்கியையும் நகைக் கடன் வட்டியையும் கட்டிவிட்டால், மாதப் பின்பாதியில் அரிசி வாங்கக் காசு இருக்காது, ஏனென்றால் அந்த நாட்களில் வருகிறவர்கள் காசுக்குப் பதில் மஞ்சள் சீட்டுத்தான் தருவார்கள். அரிசியும் பருப்பும் மட்டும் முதலிலேயே எடுத்துவிட்டு, மீதியை வாரவாரியாக உறையில் பிரித்து வைத்தோம். பழைய விலையில் கொடுத்த சலுகையால் போனது 7,000 ரூபாய்.

முன்னறிவிப்புக்கு இப்படி ஒரு விலை இருக்கிறது என்பதை யாரும் சொல்வதில்லை. ஆகஸ்ட் மாதம் முழுக்கப் புது விலை கொடுத்தவர்கள் ஏறக்குறைய அந்தப் பதின்மூன்று பேர்தான், நாளுக்கு 130 ரூபாய் கூடுதல். பட்டறை செப்டம்பரில் சேர்ந்தது. மஞ்சள் டோக்கன்கள் தீர்ந்து இளஞ்சிவப்பு முழுமையாகப் புழங்க செப்டம்பர் பாதி தாண்டிவிட்டது. பலகை எழுதிய நாளிலிருந்து இரண்டு மாதத்துக்கு மேல். கையில் காசே இல்லை என்ற நிலை வந்த பிறகு விலை ஏற்ற நினைக்கிறவரால் இந்த இரண்டு மாதம் காத்திருக்க முடியாது, அவர்தான் “நாளை முதல்” என்று எழுதுகிறார். அக்காவுக்கு நாளுக்கு 160 ரூபாயாவது நின்றுகொண்டிருந்தது. இன்னும் ஒரு தீபாவளி தள்ளிப்போட்டிருந்தால் அதுவும் நின்றிருக்காது.

அக்டோபர் கணக்கில் சராசரி 56 பேர். நான்கு பேர் குறைந்திருக்கிறார்கள். 42 வீதம் 2,352 ரூபாய், கூலி, வாடகை, மின்சாரம் 1,760 போக 592. பழைய 660ஐ இன்னும் தொடவில்லை. செப்டம்பர் 30 தாண்டி மஞ்சள் டோக்கனோடு வந்தவர்கள் மூன்று பேர், மூவரும் பத்து ரூபாயைச் சேர்த்தே நீட்டினார்கள்.

இதற்கு நடுவில் ஒரு முதல் தேதியன்று வணிக சிலிண்டர் விலை இறங்கியது. எங்கள் மேஜைக்காரர் ஒருவர் போனில் செய்தியைக் காட்டி, “என்னக்கா, கேஸ் கொறஞ்சிருச்சாம், நம்ம சாப்பாடு?” என்றார். அக்கா ரசச் சட்டியைக் கீழே வைக்காமலே கரண்டியால் பலகையைக் காட்டினார். “அதுல கேஸ்னு எங்கயாவது எழுதியிருக்கா, பாருங்க.”

அவர் படித்துப் பார்த்துவிட்டு, இன்னொரு அப்பளம் கேட்டார்.